35 கரண்டுக்கு 73 நாள் வீடு

"அப்பாவுக்கு 35 கரண்ட் வைக்கணுமாம் அண்ணா. வாரத்துக்கு அஞ்சு. அப்ப ஏழு வாரம். ஆஸ்பத்திரி பக்கத்துல ரெண்டு மாசத்துக்கு ஒரு வீடு பாக்க முடியுமா?"

மன்னார்குடியிலிருந்து சித்தப்பா மகன் போனில் கேட்டது இதுதான். 2025 ஆகஸ்ட் மூன்றாவது வாரம். சித்தப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சு சிகிச்சையை நம் ஊர்களில் 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள். மருத்துவமனை வராந்தாக்களிலும் அதே சொல்தான். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒரு கரண்ட், சனி ஞாயிறு ஓய்வு. அதோடு வாரம் ஒரு நாள் கீமோ.

இந்தச் சிகிச்சைக்குப் படுக்கை தரமாட்டார்கள். மேஜையில் படுத்து எழுந்திருக்க கால் மணி நேரம், காத்திருக்க ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, பிறகு வீட்டுக்குப் போகலாம். காய்ச்சலோ கடும் வாந்தியோ வந்தால்தான் வார்டு. உள்ளூர்க்காரருக்கு இது வசதி. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு 'வீட்டுக்குப் போகலாம்' என்றால் எந்த வீட்டுக்கு? என் வீடு சென்னையில்தான் என்றாலும் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அந்த மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். ஆக, வாடகைக்குத்தான் பார்க்க வேண்டும்.

தம்பி ஏற்கெனவே ஒரு செய்தி எழுதித் தெரிந்தவர்களுக்கும் இரண்டு புரோக்கர்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். "சார், அப்பா சிகிச்சைக்காகச் சென்னை வருகிறோம். ஆஸ்பத்திரிக்கு அருகில் ஒரு பெட்ரூம் வீடு அவசரமாகத் தேவை. ஒன்றிரண்டு மாதங்கள். குறைந்த வாடகையில் இருந்தால் சொல்லவும்." நான்கு நாளாகியும் ஒருவரும் பதில் போடவில்லை. அவனுக்கு மனது விட்டுப்போயிற்று. எனக்கென்னவோ அந்தச் செய்தியைப் படித்ததும் பதில் வராததில் வியப்பில்லை என்று தோன்றியது. வீட்டுக்காரர் தன் மனதுக்குள் கேட்டுக்கொள்ளும் எந்தக் கேள்விக்கும் அதில் விடை இல்லை. எத்தனை பேர்? ஒரு மாதமா, இரண்டா? என்ன நோய்? வாடகை எப்படி வரும்? போகச் சொன்னால் போவார்களா?

சென்னையில் வாடகை வீடு என்பது 11 மாத ஒப்பந்தத்தில் ஓடுகிற ஏற்பாடு. முன்பணம் பத்து மாத வாடகை வரைகூடக் கேட்பார்கள். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. வழக்கம் இன்னும் அந்த அளவுக்கு இறங்கி வரவில்லை. இரண்டரை மாதத்துக்கு ஒருவரைக் குடிவைத்து, பிறகு மறுபடி வெள்ளையடித்து, மறுபடி ஆள் தேடுவது வீட்டுக்காரருக்குச் சுமைதான். இன்னொரு பக்கம் நாள் வாடகை அறைகள் இருக்கின்றன. நாங்கள் விசாரித்த ஓர் இடத்தில் அடுப்போடு கூடிய அறை ஒரு நாளுக்கு 1,800 ரூபாய். ஒரு வாரத்துக்குப் பெரிதாகத் தெரியாது. 73 நாளுக்குப் பெருக்கினால் 1,31,400.

வேலூரில் சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும், ஓர் ஊர் இந்தத் தேவையைப் புரிந்துகொண்டால் எப்படி இருக்கும் என்று. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்களுக்காக லாட்ஜ் பலகைகளில் வங்க எழுத்து. அறைக்குள்ளேயே சமைத்துக்கொள்ள இடம், வாடகைக்கு அடுப்பும் பாத்திரமும். சென்னையில் பெரிய மருத்துவமனைகள் நகரம் முழுக்கச் சிதறிக் கிடப்பதால் அப்படி ஒரு தெரு உருவாகவில்லை. இங்கே ஒவ்வொரு குடும்பமும் தனக்கான வீட்டைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் நாட்களைக் கணக்கிட உட்கார்ந்தோம். 35-ஐ ஐந்தால் வகுத்தால் ஏழு என்பது பள்ளிக்கூடக் கணக்கு. மருத்துவமனைக் கணக்கு வேறு.

சித்தப்பாவுக்கு முகமூடி எடுத்தது ஆகஸ்ட் 20. சூடான தண்ணீரில் போட்டு இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் இழுத்துப் பதித்து, ஆறி இறுகியதும் கழற்றிக்கொள்கிறார்கள். தினமும் அதே முகமூடியை மாட்டி மேஜையோடு பூட்டினால்தான் தலை ஒரு மில்லிமீட்டர்கூட நகராமல் இருக்கும். அந்த முகமூடியோடு ஸ்கேன் எடுத்து, கதிர் எந்தக் கோணத்தில் எவ்வளவு போக வேண்டும் என்று திட்டம் போட ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அந்த இடைவெளியில் ஊருக்குப் போய்விடலாம். இதற்கு முன்பே ஆட்டம் கண்ட இரண்டு பற்களைப் பிடுங்கி, புண் ஆற இரண்டு வாரம் போயிருந்தது. கதிர்வீச்சுக்குப் பிறகு தாடையில் பல் பிடுங்கினால் புண் ஆறாது என்பதால் முன்னாலேயே முடித்துவிடுகிறார்கள். ஆக, வீடு எடுக்க வேண்டியது முதல் நாள் மருத்துவமனைக்குப் போன தேதியிலிருந்து அல்ல. கரண்ட் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்து எடுத்தால் போதும். இது தெரியாமல் மூன்று வார வாடகையை வீணாகக் கட்டியவர்களைக் காத்திருப்புக் கூடத்தில் பார்த்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்கிழமை தொடக்கம் என்று தேதி கிடைத்தது. விடுமுறையே இல்லாவிட்டால் 35-ஆவது கரண்ட் அக்டோபர் 17-இல் முடியும். நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டோம். செப்டம்பர் 5 மிலாது நபி, அக்டோபர் 1 ஆயுத பூஜை, 2 விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும். மூன்று நாள் போயிற்று. தள்ளிப்போன மூன்று நாளும் அடுத்த வாரத்தில் விழுகின்றன. அங்கே 20-ஆம் தேதி தீபாவளி. ஆக அக்டோபர் 23. இயந்திரம் பழுதாகி நிற்கும் நாள், உடம்பு முடியாமல் தவறும் நாள் என்று இரண்டு நாளாவது ஒதுக்கி வைக்கச் சொன்னார் அங்கிருந்த செவிலியர். அப்படியென்றால் அக்டோபர் 27. முதல் கணக்கைவிடப் பத்து நாள் தள்ளி.

அதோடு முடியவில்லை. பலரும் தவறு செய்வது இங்கேதான். கடைசிக் கரண்ட் வைத்த மறுநாள் வண்டி ஏறிவிடலாம் என்று நினைக்கிறார்கள். தொண்டைக்குக் கரண்ட் வைத்தவர்களுக்கு வாய்ப்புண்ணும் விழுங்க முடியாமையும் உச்சத்தில் இருப்பது கடைசி வாரத்திலும் அதற்கு அடுத்த ஒன்றிரண்டு வாரங்களிலும்தான். கதிர் நின்றாலும் அது உண்டாக்கிய புண் உடனே நிற்பதில்லை. அந்த நேரத்தில் ஏழு மணி நேரம் பேருந்தில் உட்காருவதோ, இரவில் காய்ச்சல் வந்தால் ஊரில் யாரிடம் போவது என்று தவிப்பதோ வேண்டாம். எனவே இரண்டு வாரம் சேர்த்தோம். ஆகஸ்ட் 30 முதல் நவம்பர் 10 வரை. எண்ணிப் பார்த்தால் 73 நாள்.

'ஒன்றிரண்டு மாதம்' என்பதற்கும் 'ஆகஸ்ட் 30 முதல் நவம்பர் 10 வரை' என்பதற்கும் வீட்டுக்காரர் காதில் எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பிறகு கண்ணால் பார்த்தேன்.

அடுத்தது, வீட்டில் என்ன வேண்டும் என்ற கேள்வி. சித்தப்பா அப்போது நன்றாகத்தான் இருந்தார். சைக்கிள் ஓட்டினார், மீன்குழம்பு சாப்பிட்டார். "எனக்கென்னடா, ஒரு ரூம் இருந்தா போதும், ஓட்டல்ல சாப்ட்டுக்கிறோம்" என்றார். அவரைப் பார்த்து வீடு தேடினால் தவறான வீட்டைத்தான் தேடுவோம். ஐந்தாவது வாரத்துச் சித்தப்பாவுக்குத்தான் வீடு வேண்டும். அவர் எப்படி இருப்பார் என்பதை அதே சிகிச்சையின் ஐந்தாவது வாரத்தில் இருந்தவர்களின் குடும்பங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

இரண்டாவது வாரத்துக்கு மேல் நாக்கில் ருசி போய்விடும். எச்சில் கோந்து மாதிரி கெட்டியாகும், அடிக்கடி துப்ப வேண்டும், உப்பும் சமையல் சோடாவும் கரைத்த தண்ணீரில் நாள் முழுக்கக் கொப்பளிக்க வேண்டும். ஆகவே படுக்கை இருக்கும் இடத்திலிருந்து நான்கு எட்டில் வாஷ்பேசின். மூன்று, நான்கு வாரத்தில் சாதம் இறங்காது. கஞ்சி, பிறகு அதுவும் அரைத்து வடிகட்டியது. பலருக்கு மூக்கு வழியாக டியூப் போட்டுவிடுகிறார்கள். டியூபில் ஊற்றுகிற உணவில் ஒரு பருக்கை தங்கினாலும் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும், வெந்த தொண்டை வழியாக. எனவே ஓட்டல் சாப்பாடு உதவாது. சமையலறையும் மிக்ஸியும் இருந்தே ஆக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 200 மில்லி, ஒரு நாளைக்கு எட்டு முறை. சித்தி எந்நேரமும் அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கும். அதே சமயம் தாளிக்கிற வாசனை பட்டாலே கீமோ எடுப்பவருக்குக் குமட்டும். எனவே ஒரே அறையில் ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் கட்டில் என்ற ஏற்பாடு வேண்டாம். இடையில் ஒரு கதவு வேண்டும், சமையலறைக்கு வெளிப்பக்கம் ஒரு ஜன்னல் வேண்டும்.

டியூபில் ஊற்றும்போதும் ஊற்றியபின் அரை மணி நேரமும் தலை உயர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவு மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். பாய் போட்டுப் படுத்துப் பழகியவர் என்றாலும் கட்டில் தேவை. கீமோ மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்காமல் இருக்க நிறையத் தண்ணீர் ஏற்றுவார்கள், குடிக்கவும் சொல்வார்கள். இரவில் நாலைந்து முறை எழுந்திருக்க வேண்டிவரும். ஆகவே கழிவறை வீட்டுக்குள், உட்காரும் வகையில், வழியில் படி இல்லாமல். குரல் கம்மிவிடுவதால் கூப்பிட முடியாது என்பது யாரும் யோசிக்காத ஒன்று. ஒரு பூஜை மணியைத் தலைமாட்டில் வைத்தோம்.

பிறகு கேட். இதை நான் பட்டுத்தான் கற்றேன். கரண்டுக்கான நேரத்தை மருத்துவமனைதான் ஒதுக்கும். கூட்டம் அதிகமுள்ள இடங்களில் இயந்திரம் விடியற்காலையில் தொடங்கி இரவு வெகுநேரம் ஓடும். சித்தப்பாவுக்குக் கிடைத்தது இரவு ஒன்பதரை. திரும்பி வரப் பதினொன்றாகும். அதோடு, கீமோ எடுப்பவருக்கு வெப்பமானியில் 100.4 டிகிரிக்கு மேல் காட்டினால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் தொற்று சில மணி நேரத்தில் முற்றிவிடும். எனவே இரவு பத்து மணிக்கு கேட்டைப் பூட்டி வீட்டுக்காரர் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளும் வீடு நமக்கு ஆகாது. நல்ல வீடு ஒன்றை இதற்காகவே விட்டோம்.

தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்பதில் பயனில்லை. ஆட்டோவில், நமக்குரிய நேரத்தில், எத்தனை நிமிடம், வழியில் எத்தனை வேகத்தடை என்று பார்க்க வேண்டும். கழுத்துத் தோல் வெந்திருக்கும்போது ஒவ்வொரு குலுக்கலும் தெரியும். 35 முறை போய்வர வேண்டிய பாதை அது. பாதை கடினமாக இருந்தால் ஒரு நாள் 'இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று தோன்றிவிடும். தலை, கழுத்துப் புற்றுநோய்களில் சிகிச்சையின் மொத்தக் காலம் ஒரு நாள் நீண்டால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நடுவில் இடைவெளி விட்டால் மிச்சமிருக்கும் புற்றணுக்கள் வேகமாகப் பெருகுவதே காரணம். அதனால்தான் தவறிய நாளுக்குச் சனிக்கிழமை கூப்பிட்டோ, ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை வைத்தோ ஈடுகட்டப் பார்க்கிறார்கள். பக்கத்தில் வீடு இருப்பது சொகுசுக்காக என்று நினைக்கும் உறவினர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி மிகக் கடினமான பகுதி. என்ன நோய் என்று சொல்வதா, மறைப்பதா?

"சொன்னா எவனும் தரமாட்டான் சார், ஆபரேஷன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் புரோக்கர். அவர் அனுபவத்தில் சொன்னதுதான், தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மூக்கில் டியூபும் கழுத்தில் கருத்த தோலுமாக ஒருவர் படி ஏறி இறங்கும்போது எதை மறைக்க முடியும்? நான்காவது வாரத்தில் தெரியவந்து 'எங்கிட்ட ஏன் சொல்லல' என்று காலி செய்யச் சொன்னால் எங்கே போவது? நடுவில் வீடு மாறுவதைவிட முதலிலேயே பத்துப் பேர் மறுப்பது மேல் என்று முடிவு செய்தோம்.

மறுப்பவர்களுக்கு உள்ளே இருப்பது மூன்று பயம். ஒன்று, ஒட்டிக்கொள்ளுமோ என்பது. புற்றுநோய் ஒட்டாது, இதை இப்போது பெரும்பாலோர் ஏற்கிறார்கள். இரண்டாவது, கரண்ட் வைத்து வருகிறவர் உடம்பிலிருந்து கதிர் வருமோ என்பது. வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணிப் பெண்ணோ இருந்தால் இதைக் கட்டாயம் கேட்பார்கள். வெளியிலிருந்து இயந்திரம் வழியாக வைக்கும் சிகிச்சையில், இயந்திரத்தை அணைத்த நொடியோடு கதிர் முடிந்துவிடுகிறது. விளக்கை அணைத்தபின் சுவரில் வெளிச்சம் தங்குவதில்லையே, அதுபோல. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாக் கதிர் சிகிச்சையும் இப்படி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடினை உள்ளுக்குக் கொடுத்தால், அந்த மருந்து சில காலம் உடம்பில் இருக்கும். அதற்காகத் தனியறையில் வைத்திருந்து, வெளியே விட்டபின்னும் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் சில நாள் விலகியிருக்கச் சொல்வார்கள். அந்தச் சிகிச்சைக்கு வருகிற குடும்பம் வீட்டுக்காரரிடம் அதை மறைப்பது நியாயமில்லை.

மூன்றாவது பயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நம் வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால்? ஒரு வீட்டுக்கார அம்மா மட்டும் நேராகவே கேட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. அவருக்கு எப்படி இருக்கு? குணமாகுமா?" நான் மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னேன். இது குணமாக்கும் நோக்கத்தோடு தரப்படும் சிகிச்சை, நடந்துதான் வருவார், முடியாமல் போனால் வார்டில் சேர்த்துவிடுவோம் என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க வீட்டுக்காரரையும் இதே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போனேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

அவரிடம் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது தம்பி இரண்டாவதாக எழுதிய செய்தி. மூன்று இரவு உட்கார்ந்து திருத்தினோம். இதுதான் அது:

"வணக்கம். நாங்கள் மன்னார்குடியைச் சேர்ந்தவர்கள். என் அப்பாவுக்கு (61 வயது) தொண்டைப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சை செப்டம்பர் 1-ஆம் தேதி தொடங்குகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒருமுறை போய்வர வேண்டும். நோய் தொற்றக்கூடியது அல்ல; சிகிச்சை எடுப்பவரிடமிருந்து மற்றவருக்குக் கதிர் பரவாது. மருத்துவரின் கடிதத்தைக் காட்டுகிறோம்.

ஆகஸ்ட் 30 முதல் நவம்பர் 10 வரை வீடு தேவை. சிகிச்சை தள்ளிப்போனால் அதிகபட்சம் ஒரு வாரம் கூடுதலாக ஆகலாம். அப்படியானால் பதினைந்து நாள் முன்பே சொல்லிவிடுவோம். தங்குவது அப்பா, அம்மா இருவர். நான் சனி, ஞாயிறு வந்துபோவேன். வேறு யாரும் தங்கமாட்டார்கள்.

அவசியம் வேண்டியவை: தனிச் சமையலறை, வீட்டுக்குள் மேற்கத்தியக் கழிவறை, கட்டில், இரவில் எந்நேரமும் வெளியே போய்வர கேட் சாவி. தரைத்தளம் அல்லது லிஃப்ட் இருந்தால் நல்லது. ஏசி, டிவி, வண்டி நிறுத்த இடம் தேவையில்லை.

இரண்டு மாத வாடகை முன்பணமாகவும், ஒவ்வொரு மாத வாடகையை முதல் தேதியிலும் தருகிறோம். மின்கட்டணம் மீட்டர்படி. ஆதார் நகலும், ஊரில் எங்களைத் தெரிந்த இருவரின் எண்ணும் தருகிறோம். வார இறுதியில் வந்து பார்க்கலாமா?"

இதில் நான் முக்கியமாக நினைப்பது, தேவையில்லாதவற்றையும் சொன்ன வரி. ஏசி வேண்டாம் என்றதும் 'இவர்கள் யோசித்துக் கேட்கிறார்கள்' என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அதோடு, தாண்டிப்போகக்கூடிய ஒரு வாரத்தை முன்பே சொல்லிவிட்டது. ஒரு நாளில் நான்கு பேர் கூப்பிட்டார்கள். இருவர் நோயைப் பற்றி ஏற்கெனவே தெரிந்துகொண்டுதான் கூப்பிட்டார்கள் என்பதால் பேச்சு எளிதாக இருந்தது.

முதலில் பார்த்த வீடு தரைத்தளம். நாங்கள் கேட்டது அதைத்தான். விசாலமான வீடு, மருத்துவமனைக்கு ஆட்டோவில் ஆறு நிமிடம். ஆனால் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு கோடு, அதற்குக் கீழே சுண்ணாம்பு வேறு நிறம். எதிரிலிருந்த பெட்டிக்கடைக்காரரிடம் "2023 டிசம்பர் மழையில இங்க எவ்ளோ தண்ணி வந்துச்சுண்ணே?" என்று கேட்டோம். கையை இடுப்பில் வைத்துக் காட்டினார். எங்கள் 73 நாளில் அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். தென்சென்னையில் தாழ்ந்த தெருவில் தரைத்தளம் எடுத்து, டியூப் போட்ட மனிதரைத் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போவதா? சொல்ல மனமில்லாமல்தான் வேண்டாம் என்றோம்.

இரண்டாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. லிஃப்ட் இருந்தது, எல்லாம் பிடித்திருந்தது, உரிமையாளர் சம்மதித்துவிட்டார். அசோசியேஷன் செயலாளர் மறுத்தார். குறுகிய காலத்துக்கு விடக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்களாம். பல குடியிருப்புகளில் இப்படி உண்டு. உரிமையாளரிடம் பேசும் முன்பே அசோசியேஷன் அனுமதி வாங்கித்தருவீர்களா என்று கேட்டுவிட வேண்டும். எங்களுக்கு அதில் நான்கு நாள் போனது.

மூன்றாவதுதான் அந்த அம்மாவின் வீடு. முதல் மாடி, லிஃப்ட் இல்லை, 18 படி. நடுவில் ஒரு திருப்பம், இரண்டு பக்கமும் கைப்பிடி. மழையா, படியா என்று தட்டில் வைத்துப் பார்த்தோம். திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொள்ள அம்மா ஒத்துக்கொண்டதும் முடிவாயிற்று. மாத வாடகை 22,000. மிச்ச நாளுக்கு அதே வீதத்தில் நாள் கணக்கு. 73 நாளுக்கு மொத்தம் 54,000-க்குள் வந்தது. எளிய ஒப்பந்தம் ஒன்றை எழுதி, உள்ளே வந்த தேதி, போகும் தேதி, வீட்டிலிருக்கும் கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் குறித்து இருவரும் கையெழுத்துப் போட்டோம். முதல் நாளே மின் மீட்டரைப் படம் எடுத்துக்கொண்டோம். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், இடையில் வந்து இடையில் போகிறவர்களுக்கு அந்தப் படம் மட்டுமே கணக்கு. கேஸ் இணைப்பு மாற்ற அவகாசமில்லை. அடையாள அட்டை மட்டும் காட்டினால் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டர் ஒன்று வாங்கிக்கொண்டோம். நாள் முழுக்கக் கஞ்சி கொதித்த அடுப்புக்கு அது சீக்கிரமே தீர்ந்துபோனது, மறுபடி மறுபடி தூக்கி வந்தோம்.

எல்லாம் சரியாக நடக்கவில்லை. மின்சாரத்தைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. அக்டோபர் மழையில் ஓரிரவு மின்தடை வந்து மிக்ஸி ஓடாமல், சித்தி கஞ்சியை வெள்ளைத் துணியில் பிழிந்து பிழிந்து டியூபுக்கு ஊற்றினார். மறுநாள் இன்வெர்ட்டர் உண்டா என்று கேட்டபோது, கீழ்வீட்டில் இருக்கிறது, தாராளமாக வந்து அரைத்துக்கொள்ளுங்கள் என்றார் அம்மா. முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆறாவது வாரத்தில் சித்தப்பாவால் 18 படியும் ஏற முடியவில்லை. திருப்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கையால் சைகை காட்டுவார்: கொஞ்சம் பொறு. லிஃப்ட் உள்ள வீட்டுக்கு இன்னும் ஒரு வாரம் தேடியிருக்கலாமோ என்று அந்த நாட்களில் என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

இயந்திரம் இரண்டு நாள் நின்றது. வாந்தியில் இரண்டு நாள் தவறியது. ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு ஈடுகட்டினார்கள். 35-ஆவது கரண்ட் அக்டோபர் 28-இல் முடிந்தது, எங்கள் கணக்கைத் தாண்டி ஒரே ஒரு நாள். அடுத்த பரிசோதனைக்கு நவம்பர் 12-ஆம் தேதி வரச் சொன்னார்கள். அக்டோபர் கடைசியிலேயே அம்மாவிடம் போய், 13-ஆம் தேதி காலையில் கிளம்புகிறோம் என்று சொல்லிவிட்டான் தம்பி.

அன்று மீட்டரை மறுபடி படம் எடுத்தோம். கூடுதல் மூன்று நாளுக்கான வாடகையைக் கழித்துக்கொண்டு அம்மா முன்பணத்தை எண்ணிக் கொடுத்தார். சித்தப்பா மூக்கில் டியூபோடு, யாரும் பிடிக்காமல், 18 படியையும் இறங்கினார். திருப்பத்தில் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார், உட்காரவில்லை. சித்தி மிக்ஸியையும் வடிகட்டியையும் மூட்டை கட்டப் போனபோது அம்மா தடுத்தார்.

"அது இங்கயே இருக்கட்டும். அடுத்த வாரம் கள்ளக்குறிச்சிலேர்ந்து ஒரு குடும்பம் வராங்க. அவங்களுக்கு 33."